குறைந்த விலை சொன்னவரை மறுக்கும் கடிதம்: மூன்று வரைவுகள், ஓர் ஒப்பீடு

பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 220 வீடுகள் இருக்கின்றன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை, அதாவது எல்லாரும் எஸ்டிபி என்று சொல்வதை, ஓராண்டுக்கு இயக்கிப் பராமரிக்கும் வேலைக்காக இந்த முறை மூன்று நிறுவனங்களிடம் கொட்டேஷன் வாங்கினோம். மாதத்துக்கு 98,000 ரூபாய், 1,18,000 ரூபாய், 1,31,000 ரூபாய் என்று விலைகள் வந்தன. ஆவணங்களைப் படித்து, ஒவ்வொருவரும் ஏற்கெனவே வேலை செய்யும் ஓர் இடத்தையும் நேரில் போய்ப் பார்த்த பிறகு, நடுவில் இருந்த விலைக்குக் கமிட்டி ஒப்புதல் கொடுத்தது. மிகக் குறைந்த விலை சொன்ன நிறுவனத்துக்கு மறுப்பு எழுத வேண்டிய வேலை, செயலாளர் என்ற முறையில் எனக்கு வந்தது. அந்தக் கடிதத்துக்கு மூன்று வரைவுகள் கமிட்டியின் முன் வைக்கப்பட்டன.

பொருளாளர் எழுதிய வரைவு ஒரே வரி: “தங்கள் கொட்டேஷனைப் பரிசீலித்தோம், இம்முறை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.” இன்னோர் உறுப்பினர் எழுதியது இதமானது: “தங்கள் கொட்டேஷன் மிகச் சிறப்பாக இருந்தது. மிகக் கடினமான முடிவு இது. அடுத்த ஆண்டு கட்டாயம் தங்களோடு பணியாற்ற விரும்புகிறோம், தொடர்பில் இருங்கள்.” மூன்றாவது நான் எழுதியது, அதன் முக்கியப் பகுதியைக் கீழே தருகிறேன். இந்த மூன்றையும் ஒரே கேள்வியை வைத்து ஒப்பிட்டேன். கடிதத்தைப் படித்த மறுநாள் காலையில் அந்த நிறுவனத்தை நடத்துகிறவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

ஒரு வரிக் கடிதத்தில் பொய் இல்லை, அது அதன் பலம். வேலைக்குத் தகுதியே இல்லாத கொட்டேஷனுக்கும், நேரில் வராமல் மின்னஞ்சலில் விலைப்பட்டியலை மட்டும் அனுப்பியவருக்கும் அது போதும். ஆனால் இந்த நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் இரண்டு முறை வந்து, தொட்டியை அளந்து, அதற்குக் காற்றுச் செலுத்தும் ப்ளோயரின் ஓசையைக் கேட்டு, பதினொரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூவரிலும் குறைந்த விலை சொன்னது தாங்கள்தான் என்பதை அவர்கள் எப்படியும் ஊகித்துவிடுவார்கள். காரணம் இல்லாமல் மறுத்தால், யாரோ கமிஷன் வாங்கிவிட்டார்கள் என்ற முடிவுக்குத்தான் வருவார்கள், அப்படி நினைத்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, எங்களைப் போன்ற தனியார் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அதன் 173ஆம் விதி, டெண்டர் நிராகரிக்கப்பட்டவர் விசாரித்தால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. அரசுத் துறை செய்ய வேண்டியதை நாங்கள் செய்யாமல் இருக்க எனக்கு நியாயம் எதுவும் தோன்றவில்லை.

இதமான கடிதம் மூன்றிலும் மோசமானது என்பதே என் தீர்மானம். இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, லிஃப்ட் பராமரிப்புக்கு வந்த ஒருவரிடம், சங்கடத்தைத் தவிர்ப்பதற்காக, “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று நானே சொன்னேன். அவர் அதை நம்பிப் பதினொரு மாதம் காத்திருந்து, எங்கள் லிஃப்ட்டுக்குப் பொருந்தும் உதிரிப் பாகங்களுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அதற்குள் கமிட்டி மாறிவிட்டிருந்தது. புதியவர்கள் பழைய நிறுவனத்துடனேயே ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தார்கள். எங்கள் சங்கத்தில் ஆண்டுதோறும் பொதுக்குழு கூடிக் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே “அடுத்த ஆண்டு” என்று வாக்குக் கொடுக்க இந்த ஆண்டின் செயலாளருக்கு அதிகாரமே கிடையாது. “மிகச் சிறப்பாக இருந்தது” என்ற வரியிலும் இதே கோளாறு இருக்கிறது. குறையே இல்லை என்று படித்தவர் அதே குறையோடு அடுத்த இடத்துக்குப் போவார்.

இனி மூன்றாவது வரைவு. இதில் ஸ்லட்ஜ் என்பது சுத்திகரிப்பில் மிஞ்சும் சேறு, ரிலீவர் என்பவர் விடுமுறையில் இருப்பவருக்குப் பதிலாக வேலை பார்ப்பவர். எதிர்காலத்தைப் பற்றிய பத்தியை விட்டுவிட்டு, காரணம் சொல்லும் பகுதி இது:

“தங்கள் கொட்டேஷனை ஏற்கவில்லை. காரணங்கள் இரண்டு. ஒன்று: நாங்கள் 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். தாங்கள் மூன்று ஷிஃப்ட்டுக்கு மூன்று ஆபரேட்டர்களைக் காட்டியிருக்கிறீர்கள். 30 நாள் மாதத்தில் 90 ஷிஃப்ட் வருகின்றன. வார விடுமுறை போக ஒருவர் 26 நாள் வேலை செய்தால் மூவரும் சேர்ந்து 78 ஷிஃப்ட் பார்க்கிறார்கள். மீதி 12 ஷிஃப்ட்டுக்கு ரிலீவர் யார் என்பதும் அவருடைய சம்பளமும் கொட்டேஷனில் இல்லை. இரண்டு: ஸ்லட்ஜ் அகற்றும் செலவை ‘ஆகும் செலவுப்படி’ என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். மாதத்துக்கு எத்தனை மூட்டை, மூட்டைக்கு என்ன விலை என்று இல்லாததால் தங்கள் விலையை மற்ற விலைகளோடு ஒப்பிட முடியவில்லை.”

இதில் ‘துரதிர்ஷ்டவசமாக’ என்ற சொல் இல்லை, பாராட்டும் இல்லை. முதல் வரியிலேயே முடிவு இருக்கிறது. அடுத்து வரும் ஒவ்வொரு காரணமும் அவர்களுடைய ஆவணத்திலேயே சரிபார்க்கக்கூடியது. “உங்கள் ஆள் ஏற்பாடு போதவில்லை” என்று எழுதியிருந்தால் அது எங்கள் அபிப்பிராயமாக மட்டும் நின்றிருக்கும். 90க்கும் 78க்கும் உள்ள வித்தியாசத்தை மறுக்க முடியாது, சரிசெய்ய முடியும். நான்கு ஆபரேட்டர்களாக மாற்றினாலோ ஒரு ரிலீவரைச் சேர்த்தாலோ அந்தக் குறை தீர்ந்துவிடும். அப்போது 98,000க்கும் 1,18,000க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும் என்பது என் கணக்கு. ஆனால் அதை நான் கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் அடுத்தவருடைய விலையைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

மூன்றாவது காரணம் ஒன்றும் இருந்தது. அதை எழுதலாமா என்பதில் கமிட்டிக்குள் கருத்து வேறுபாடு வந்தது. அந்த நிறுவனம் பராமரிக்கும் எஸ்டிபி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தபோது அங்கிருந்த பதிவேட்டைப் புரட்டினேன். காற்றுத் தொட்டியில் நுண்ணுயிர்ச் சேற்றின் அடர்த்தியைக் காட்டும் எம்எல்எஸ்எஸ் அளவு வார நாட்களில் 2,850, 3,100, 2,970 என்று ஏறி இறங்கியிருந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டும் சரியாக 3,200. அளந்தால் அப்படி வராது. ஒரு லிட்டர் உருளையில் கலவையை எடுத்து முப்பது நிமிடம் படியவிடும் சோதனைக்கான கட்டமும் அந்த நாட்களில் காலியாக இருந்தது. அந்த 12 ஷிஃப்ட் எங்கே போகிறது என்பதைக் கொட்டேஷன் சொல்லவில்லை, பதிவேடு சொன்னது. “பொய்யாக எழுதுகிறார்கள் என்று சொல்லிவிடலாம்” என்றார் ஒருவர். நான் ஒப்பவில்லை, ஏனென்றால் எழுதியதைப் பார்த்தேனே ஒழிய எழுதுகிறவரைப் பார்க்கவில்லை. “நாங்கள் பார்த்த பதிவேட்டில் நான்கு ஞாயிறுகளிலும் ஒரே அளவு பதிவாகியிருந்ததைக் கவனித்தோம்” என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்தினோம். அந்த இடத்தின் உரிமையாளர்களுக்கு நகல் அனுப்பவும் இல்லை.

மூன்று கொட்டேஷனுக்கும் நாங்கள் போட்ட மதிப்பெண் பட்டியல் முழுவதையும் இணைத்து அனுப்பலாம் என்று நான்காவது யோசனை ஒன்றும் வந்தது. வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் இது கவர்ச்சியாகத் தோன்றினாலும் இரண்டு காரணங்களால் கைவிட்டோம். மற்ற இருவரும் தங்கள் விலையை எங்களை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு, “அனுபவம்: 10க்கு 6” என்ற எண்ணை வைத்துக்கொண்டு வாதாடலாமே தவிரத் திருத்திக்கொள்ள வழியில்லை. குறைந்த விலை சொன்னவருடைய வரிசையை மட்டும் அனுப்பினாலும் இதே நிலைதான்.

எதிர்காலத்தைப் பற்றி நாங்கள் எழுதியது மூன்று வாக்கியம்: “இந்த ஒப்பந்தம் ஓராண்டுக்கானது. அது முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு கொட்டேஷன் கேட்பது எங்கள் வழக்கம். அழைப்பதும் தேர்ந்தெடுப்பதும் அப்போதைய கமிட்டியின் முடிவு என்பதால் இக்கடிதம் எந்த முன்னுரிமையையும் உறுதி செய்யவில்லை.” கடைசி வாக்கியம் கடுமையாக இருக்கிறது என்று சிலர் நினைத்தார்கள். எனக்கு அந்த லிஃப்ட்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. வாக்கியத்தை எடுக்க விடவில்லை.

1,31,000 சொன்னவருக்கு இந்தக் கடிதம் பொருந்தாது. அவருடைய கொட்டேஷனில் எங்களுக்குக் குறை தென்படவில்லை. தேர்வானவர் கையெழுத்திடாமல் பின்வாங்கினால் நாங்கள் போய்க் கேட்க வேண்டியவரும் அவர்தான். அவரைக் காரணம் சொல்லாமல் காக்க வைப்பது நியாயமில்லை, அவசரப்பட்டு மறுப்பதும் எங்களுக்கு நஷ்டம். ஆகவே, “வேறொருவரைத் தேர்ந்தெடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். 15ஆம் தேதிக்குள் கையெழுத்தாகும் என்று எதிர்பார்க்கிறோம். அதுவரை தங்கள் விலை செல்லுபடியாகுமா? வேறு வேலை வந்தால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்” என்று எழுதினோம். கையெழுத்தான அன்றே, விலை வித்தியாசம் மட்டுமே காரணம் என்று இறுதிக் கடிதம் போனது. அதை நீட்டி எழுத எதுவும் இல்லை.

குறைந்த விலைக்காரருக்குக் கடிதம் போவதற்கு முன்பு நானே தொலைபேசியில் பேசினேன். அவர் சேலத்துக்காரர். எடுத்தவுடன், “ரேட்டுதான் பிரச்சினையா சார்? எவ்வளவு குறைக்கணும்னு சொல்லுங்க” என்றார். இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறி, “பார்க்கலாம், கமிட்டியில் பேசுகிறேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். “இல்லைங்க, முடிவாயிடுச்சு. ரேட்டு காரணமில்லை. 90 ஷிஃப்ட்டுல 12 ஷிஃப்ட்டுக்கு ஆள் இல்லை. அது கடிதத்துல வருது” என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. “ஆமா சார், ரிலீவரை நாங்க எங்கேயும் போடறதில்லை” என்றார். தொலைபேசியில் சொன்னதற்கு மேல் கடிதத்தில் எதுவும் இருக்கக் கூடாது, குறைவாகவும் இருக்கக் கூடாது என்பதற்காக வரைவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பேசினேன். அன்று மாலையே கடிதம் போய்ச் சேர்ந்தது.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நான்கு ஆபரேட்டர்களோடு திருத்திய ஷிஃப்ட் அட்டவணையும், ஸ்லட்ஜுக்கு மூட்டைக் கணக்கும் இணைத்து, இதை மீண்டும் பரிசீலிக்க முடியுமா என்று கேட்டிருந்தார். “அட்டவணை கிடைத்தது. 90 ஷிஃப்ட்டும் இப்போது நிரம்புகின்றன. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதால் இதை நாங்கள் பரிசீலிக்கவில்லை” என்று பதில் அனுப்பினேன்.