கிரான்பாக் ஆல்பா: பதினோரு ஆண்டுப் பழக்கத்தில் நான் கண்டது

ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியல் பகுப்பாய்வில் உதவுவது என் வேலை. பதினோரு ஆண்டுகளில் நான் அதிகம் தொட்ட எண் கிரான்பாக் ஆல்பாதான். ஒரு வினாப்படிவத்தின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் அது. வினாப்படிவத்தோடு வருகிறவர்கள் டேட்டாவைக் காட்டுவதற்கு முன்பே, "0.70 வந்துடுமா மேடம்?" என்று கேட்பார்கள். ஆரம்ப காலத்தில் நானும் அப்படித்தான் பார்த்தேன். 0.70-க்கு மேலே என்றால் அளவுகோல் தேறியது, கீழே என்றால் ஏதாவது ஒரு கூற்றை நீக்கு. அந்தப் பழக்கத்தை விட எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. ஆல்பா மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. இன்றும் தினமும் அதைப் போட்டுப் பார்க்கிறேன், ஆனால் அதை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில்லை.

அது என்ன கணக்குப் போடுகிறது என்று ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

```
alpha = (k / (k - 1)) * (1 - (sum of item variances / variance of total score))
```

k என்பது கூற்றுகளின் எண்ணிக்கை, வேரியன்ஸ் என்பது மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. ஒரு கூற்றுக்கு உயர்ந்த மதிப்பெண் போடுகிறவர் மற்ற கூற்றுகளுக்கும் உயர்வாகவே போட்டால், மொத்த மதிப்பெண்ணின் வேரியன்ஸ் தனித்தனி வேரியன்ஸ்களின் கூட்டலைவிட நன்றாகப் பெருகும், ஆல்பா 1-ஐ நெருங்கும். கூற்றுகளுக்குள் தொடர்பே இல்லாவிட்டால் இரண்டும் சமமாகி ஆல்பா பூஜ்யமாகும். ஆக, ஆல்பாவுக்குள் இருப்பது இரண்டே விஷயம்: கூற்றுகளுக்கு இடையேயான ஒட்டுறவின் சராசரி, கூற்றுகளின் எண்ணிக்கை. சராசரி என்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது காட்டாது.

இதை மாணவர்களுக்கு விளக்க நான் எப்போதும் ஒரே கணக்கைத்தான் போடுவேன். பணித் திருப்தி பற்றி ஆறு கூற்றுகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சம்பளத்தைப் பற்றி, மூன்று சக ஊழியர்களைப் பற்றி. சம்பளக் கூற்றுகள் தங்களுக்குள் 0.7 ஒட்டுறவு, சக ஊழியர் கூற்றுகளும் தங்களுக்குள் 0.7. ஆனால் இந்த மூன்றுக்கும் அந்த மூன்றுக்கும் நடுவே ஒட்டுறவு பூஜ்யம். ஆறு கூற்றில் மொத்தம் 15 ஜோடிகள், அதில் 6 ஜோடிகள் 0.7, மீதி 9 ஜோடிகள் 0. சராசரி 0.28. எல்லாக் கூற்றுக்கும் வேரியன்ஸ் ஒன்றே என்றால் ஆல்பா 6 × 0.28 ÷ (1 + 5 × 0.28), அதாவது 1.68 ÷ 2.4. விடை சரியாக 0.70.

ஒன்றோடொன்று துளியும் தொடர்பில்லாத இரண்டு விஷயங்களைக் கூட்டி "பணித் திருப்தி" என்று பெயர் வைத்தாலும் ஆல்பா 0.70 தந்துவிடுகிறது. ஒவ்வொரு பக்கமும் ஐந்து கூற்று வைத்தால் 0.82 ஆகிவிடும். "ஆல்பா 0.82, ஆகவே இந்த அளவுகோல் ஒரே பண்பை அளக்கிறது" என்று ஆய்வேட்டில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். அந்த "ஆகவே" அங்கே நிற்காது. ஒரே பண்பா, இரண்டா என்று சொல்ல ஒட்டுறவு அட்டவணையைப் பார்க்க வேண்டும், பிறகு காரணிப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஆல்பா.

எண்ணிக்கை செய்யும் வேலையும் இப்படித்தான். சராசரி ஒட்டுறவு 0.3 உள்ள நான்கு கூற்றுகளுக்கு ஆல்பா 0.63. அதே தரத்தில் பத்து கூற்றுகள் எழுதினால் 0.81. சராசரி வெறும் 0.1 ஆக இருந்தாலும் நாற்பது கூற்று இருந்தால் 0.82 வந்துவிடும். அதனால் ஆல்பாவை யாராவது சொன்னால் "எத்தனை கூற்று?" என்று கேட்காமல் நான் கருத்துச் சொல்வதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. ஐந்தே கூற்றுக்கு 0.95 வந்தால் சராசரி ஒட்டுறவு 0.79 என்று பொருள். எடுத்துப் பார்த்தால், "இரவில் தூக்கம் வருவதில்லை", "இரவில் தூங்கச் சிரமமாக இருக்கிறது" என்று ஒரே கேள்வி வேறு வேறு வார்த்தையில் இருக்கும். பதில் சொல்கிறவரின் பொறுமையைத்தான் அது சோதிக்கிறது.

இனி, என்னிடம் வந்த ஒரு கேஸ். செவிலியர் கல்லூரி முதுநிலை மாணவி ஒருவர், ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோலைத் தமிழில் மொழிபெயர்த்துக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்திருந்தார். 1965-இல் வந்த அளவுகோல் அது. பத்து கூற்றுகள், ஐந்து நேர்க் கூற்று, ஐந்து எதிர்க் கூற்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. அழுத முகத்தோடு வந்தார். ஆல்பா மைனஸில் வந்திருக்கிறது, ஆறு மாத உழைப்பும் வீண் என்று நினைத்துவிட்டார். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளின் திரையில் அடிக்குறிப்பு தெளிவாகவே இருந்தது: The value is negative due to a negative average covariance among items. அதே குறிப்பு கோடிங்கைச் சரிபாருங்கள் என்றும் சொல்கிறது. எதிர்க் கூற்றுகளின் மதிப்பெண்ணை அவர் திருப்பவே இல்லை.

இது எவ்வளவு தூரம் எண்ணைச் சிதைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினேன். பத்து கூற்றும் தங்களுக்குள் 0.4 ஒட்டுறவு உள்ள நல்ல அளவுகோல் என்றால் ஆல்பா 0.87. ஐந்தைத் திருப்ப மறந்தால் அதே டேட்டாவில் −0.74. உழைப்பு எங்கேயும் போகவில்லை. 0–3 அளவில் திருப்ப 3-இலிருந்து கழித்தால் போதும். திருப்பியதும் 0.76 வந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே நிம்மதியாக இருந்தது.

ஆனால் நான் அட்டவணையை மூடவில்லை. ஒரு கூற்று மற்றவற்றின் மொத்தத்தோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று காட்டும் Corrected Item-Total Correlation என்ற பத்தியில் எட்டாவது கூற்றுக்கு நேரே கிட்டத்தட்ட பூஜ்யம். பக்கத்துப் பத்தி, Cronbach's Alpha if Item Deleted, 0.79 என்றது. நீக்கிவிடலாமா என்று அவர் கேட்டார். எட்டாவது கூற்று, "என்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு இருந்தால் நன்றாக இருக்கும்" என்பது. ஆங்கில மூலத்தில் இது எதிர்க் கூற்று: ஆமாம் என்றால் தன்மதிப்பு குறைவு. நிரப்பிய மாணவிகள் இரண்டு மூன்று பேரிடம், என்ன நினைத்து டிக் செய்தீர்கள் என்று கேட்டுவரச் சொன்னேன். ஒரு பெண் சொன்னாளாம், "இன்னும் மேல வரணும்னு நினைக்கிறது நல்லதுதானேக்கா?" அவளுக்கு அது குறையைச் சொல்வதாகவே படவில்லை, நல்ல ஆசையாகத் தெரிந்திருக்கிறது. தன்மதிப்பு மிகுந்த பெண்ணும் குறைந்த பெண்ணும் அதற்கு ஆமாம்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்த எட்டாவது கூற்று வேறு பல நாடுகளின் மொழிபெயர்ப்புகளிலும் இப்படித் தனித்து நின்றிருக்கிறது.

அவரிடம் நீக்க வேண்டாம் என்றேன். 0.03 கூடுவதற்காக நீக்கினால் மொத்தம் 27 ஆகிவிடும், அதற்குப் பிறகு மற்ற ஆய்வுகளோடு சராசரியை ஒப்பிட முடியாது. மேலும், அதே நூறு சொச்சம் பேரிடம் பார்த்து நீக்கி, அதே டேட்டாவில் கூடிய ஆல்பாவை எழுதுவது தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது போல. இரண்டு எண்ணையும் எழுதி, எட்டாவது கூற்று தமிழில் ஏன் ஒட்டவில்லை என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன். என்னைக் கேட்டால், அந்த ஆய்வேட்டில் அடுத்த ஆய்வாளருக்கு மிகவும் உதவக்கூடிய பத்தி அதுதான்.

ஆர் நிரல்மொழி பயன்படுத்துகிறவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை.

```r
d$Q8 <- 3 - d$Q8          # மற்ற எதிர்க் கூற்றுகளுக்கும் இப்படியே
psych::alpha(d, check.keys = FALSE)
```

check.keys = TRUE என்று கொடுத்தால் எதிராகப் போகும் கூற்றை நிரலே திருப்பிவிடும். வசதிதான். ஆனால் எட்டாவது கூற்று போன்ற ஒன்று சற்றே மைனஸில் இருந்தால், பொருளைப் பார்க்காமல் அதையும் திருப்பி ஆல்பாவைக் கூட்டிக் காட்டும். எதைத் திருப்ப வேண்டும் என்பதை வினாப்படிவத்தை வாசித்து நாமே முடிவு செய்ய வேண்டும். முன்னால் psych:: போடுவதற்கும் காரணம் உண்டு: ggplot2-விலும் alpha என்றே ஒரு சார்பு இருக்கிறது, பின்னால் ஏற்றியது முன்னதை மறைத்துவிடும். எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் கவனிக்க வேண்டியது வேறு: ஒரே ஒரு கூற்றைக் காலியாக விட்டவரையும் அது ஆல்பா கணக்கிலிருந்து முழுதாகத் தூக்கிவிடும். N எவ்வளவு என்று மேலே பாருங்கள்.

முப்பது பேரிடம் முன்னோட்ட ஆய்வு செய்து 0.70 வந்தது என்று நிம்மதி அடைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து கூற்றுக்கு, முப்பது பேரில் கிடைத்த 0.70-இன் 95% நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 0.51 முதல் 0.84 வரை போகும். அந்த முப்பது பேரைக் கொண்டு தேறியது, தேறவில்லை என்று எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

அந்த 0.70 எங்கிருந்து வந்தது என்பதையும் பலர் தேடிப் பார்ப்பதில்லை. கிரான்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததல்ல. எல்லோரும் மேற்கோள் காட்டுவது உளவியல் அளவீடு பற்றி நன்னலி எழுதிய 1978 நூலை. அவர் 0.70-ஐச் சொன்னது ஆய்வின் தொடக்க நிலைக்கு. அடிப்படை ஆய்வுக்கு 0.80 என்றார். தனி மனிதரைப் பற்றி முடிவெடுக்க 0.90-கூடக் குறைந்தபட்சம்தான், 0.95 வேண்டும் என்றார்.

இந்தக் கடைசி வரி என் மாணவியின் கேஸிலேயே வந்து நின்றது. அவருடைய துறையில், 15-க்குக் கீழே எடுத்த மாணவிகளைப் பட்டியலிட்டு ஆலோசனைக்கு அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தது. அளவீட்டுப் பிழையைக் கணக்கிட்டோம். திட்ட விலக்கம் 5, ஆல்பா 0.76. ஒன்றிலிருந்து ஆல்பாவைக் கழித்தால் 0.24, வர்க்கமூலம் 0.49, ஐந்தால் பெருக்கினால் 2.45. 95% நம்பிக்கை இடைவெளிக்கு அதை 1.96-ஆல் பெருக்கினால் இரு பக்கமும் சுமார் 4.8. அதாவது 14 எடுத்த பெண்ணின் உண்மையான நிலை 9-ஆகவும் இருக்கலாம், 19-ஆகவும் இருக்கலாம். ஆல்பா 0.90 ஆக இருந்திருந்தாலும் 11-க்கும் 17-க்கும் நடுவே என்றுதான் சொல்ல முடியும். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட அந்த 0.76 போதுமானது. ஒரு பெண்ணின் பெயரைப் பட்டியலில் எழுதப் போதாது. மாணவி அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தன் கைடிடம் கொண்டுபோய்க் காட்டினார். பட்டியல் போடவில்லை. விரும்புகிறவர்கள் யாராக இருந்தாலும் வந்து பேசலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தார்கள்.