ஒன்றுதானா, எத்தனை வேண்டுமானாலுமா: ஒரு மார்பு எக்ஸ்ரேயை வைத்து சாஃப்ட்மேக்ஸ், சிக்மாய்டு ஒப்பீடு

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு மார்பு எக்ஸ்ரே படங்களின் பெரிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. ChestX-ray14 என்பது அதன் பெயர். 30,805 நோயாளிகளின் 1,12,120 படங்கள் அதில் உள்ளன. இதயம் பெருத்திருத்தல், நுரையீரல் உறையில் நீர் கோத்தல், நிமோனியா என 14 லேபிள்கள். ஒரே படத்தில் இவற்றில் இரண்டு, மூன்று சேர்ந்தும் வரலாம். 60,361 படங்களில் ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால், மாடலின் கடைசி அடுக்கில் எதைப் பொருத்துவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பல வகைகளுள் ஒன்றே ஒன்றைத் தேர்வது மல்டி-கிளாஸ். ஒவ்வொரு லேபிளுக்கும் தனித்தனியே உண்டா, இல்லையா என்று கேட்பது மல்டி-லேபிள். முன்னதற்கு சாஃப்ட்மேக்ஸ், பின்னதற்கு சிக்மாய்டு என்று எல்லாப் பாடங்களிலும் ஒரு வரி இருக்கும். அந்த வரியை மனப்பாடம் செய்தவர்களும் தவறான பக்கம் போய்விடுகிறார்கள், ஏனெனில் காரணம் அதில் இல்லை. காரணத்தை எண்களில் பார்ப்பதே நல்லது.

லேபிள்களை மூன்றாகக் குறைத்துக்கொள்வோம்: நீர் கோத்தல், இதயம் பெருத்தல், ஹெர்னியா. ஒரு படத்துக்கு மாடலின் கடைசி அடுக்கு 2.0, 1.5, -1.0 என்ற மூன்று மதிப்பெண்களைத் தருகிறது. இவைதாம் லாஜிட்டுகள். சாஃப்ட்மேக்ஸ் இவற்றை, கூட்டினால் 1 வரும் பங்குகளாக, 0.60, 0.37, 0.03 என்று மாற்றும். சிக்மாய்டோ ஒவ்வொன்றையும் தனியே 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்ணாக, 0.88, 0.82, 0.27 என்று மாற்றும். நோயாளிக்கு முதல் இரண்டும் உண்மையிலேயே இருக்கின்றன என்று கொள்வோம். சிக்மாய்டின் விடை அதைச் சொல்கிறது. சாஃப்ட்மேக்ஸின் விடையில் இதயம் பெருத்தல் 0.37க்கு இறங்கிவிட்டது. இதயத்தைப் பற்றி மாடலுக்கு ஐயம் வந்ததால் அப்படி இறங்கவில்லை. பக்கத்தில் நீர் இருந்தது, அதனால் இறங்கியது. மொத்தம் 1ஐத் தாண்டக் கூடாது என்பதால் ஒரு நோயின் பங்கை இன்னொரு நோய் எடுத்துக்கொண்டது. ஒரு கண்டுபிடிப்பு இன்னொன்றை மறைப்பதை மருத்துவத்தில் எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

இதைவிட ஆழமான சிக்கல் நலமான படத்தில் தெரியும். லாஜிட்டுகள் -3, -4, -4 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் இல்லை என்று மாடல் உரக்கச் சொல்கிறது. சிக்மாய்டு 0.05, 0.02, 0.02 என்று அதை அப்படியே ஒப்புவிக்கிறது. சாஃப்ட்மேக்ஸ் தருவது 0.58, 0.21, 0.21. நலமான மனிதருக்கு நீர் கோத்திருக்க 58 விழுக்காடு வாய்ப்பு என்று! லாஜிட்டுகள் 5, 4, 4 ஆக இருந்தாலும், அதாவது மூன்று நோய்களும் அழுத்தமாக இருந்தாலும், சாஃப்ட்மேக்ஸின் விடை எழுத்துக்கூட மாறாமல் அதே 0.58, 0.21, 0.21தான். எல்லா லாஜிட்டுகளோடும் ஒரே எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் அதன் விடை மாறாது. மதிப்பெண்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் அது பார்க்கிறது, மட்டத்தைப் பார்ப்பதில்லை. சிக்மாய்டு மட்டத்தை மட்டும் பார்க்கிறது. பக்கத்து எண்ணைப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இவ்வளவே. மற்றவை எல்லாம் இதிலிருந்து வருகின்றன.

பயிற்சியின்போது இது இன்னும் மோசமாகிறது. மாடலின் தவறை அளக்கும் எண் இழப்பு. PyTorch நிரல் தொகுப்பில் சாஃப்ட்மேக்ஸை உள்ளடக்கிய இழப்பான `CrossEntropyLoss` முன்பு வகையின் வரிசை எண்ணை மட்டுமே ஏற்கும், 1.10 பதிப்பிலிருந்து நிகழ்தகவுகளின் வரிசையையும் ஏற்கிறது. அதனால் 1, 1, 0 என்ற மல்டி-லேபிள் விடையை அதற்குக் கொடுத்தாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. ஓடிக்கொண்டே இருக்கும். இழப்பும் குறைந்துகொண்டே வரும். கீழே முதலில் வருவது இந்த இழப்பு, அடுத்தது சிக்மாய்டுக்கு உரியது.

```python
import torch
import torch.nn.functional as F

z = torch.tensor([[2.0, 1.5, -1.0], [-3.0, -4.0, -4.0]])
y = torch.tensor([[1., 1., 0.], [0., 0., 0.]])

F.cross_entropy(z, y, reduction='none')
# 1.51, 0.00
F.binary_cross_entropy_with_logits(z, y, reduction='none').sum(1)
# 0.64, 0.08
```

இரண்டாவது படத்துக்கு வந்திருக்கும் 0.00 என்ற எண்ணில் சற்று நில்லுங்கள். மாடல் சரியாகச் சொன்னதால் வந்த பூச்சியம் அன்று அது. சாஃப்ட்மேக்ஸின் இந்த இழப்பு, நாம் கொடுத்த விடையில் 1 உள்ள இடங்களை மட்டும் கூட்டுகிறது. நலமான படத்தின் விடையில் 1 ஏதும் இல்லை, எனவே மாடல் என்ன சொன்னாலும் பூச்சியம்தான். மாடலை எந்தப் பக்கம் திருத்துவது என்று சொல்லும் கிரேடியன்டும் பூச்சியம். ChestX-ray14இல் இப்படிப் பயிற்சி தந்தால் 60,361 படங்கள், பாதிக்கும் மேற்பட்டவை, மாடலுக்கு எதையுமே கற்பிக்காமல் கடந்துபோகும். நலமான நுரையீரல் எப்படி இருக்கும் என்பதை அது ஒருநாளும் கற்காது.

இரண்டு நோய் உள்ள படத்தில் வேறொரு சுவர் இருக்கிறது. எவ்வளவு நன்றாகக் கற்றாலும் இரண்டுக்கும் ஆளுக்கு 0.5க்கு மேல் கொடுக்க இடமில்லை. அந்தப் படத்தின் இழப்பு 1.386க்குக் கீழே இறங்காது. இந்தத் தவறு நடந்திருக்கிறதா என்று அறிய, நலமான படங்களையும் மூன்று, நான்கு லேபிள் உள்ள படங்களையும் தனியே எடுத்து மாடலுக்குக் கொடுங்கள். நலமான படத்திலும் மாடல் தரும் விடைகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்கும். லேபிள்கள் கூடக் கூட, மிக உயர்ந்த மதிப்பு குறைந்துகொண்டே போகும். மொத்தச் சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது படாது.

இதெல்லாம் சாஃப்ட்மேக்ஸின் குறை அன்று. அதற்குரிய இடத்தில் அதை வைத்தால் அது தரும் நன்மையைச் சிக்மாய்டால் தர முடியாது. HAM10000 என்ற தோல் படத் தொகுப்பில் 10,015 படங்கள், 7 வகைகள். ஒவ்வொரு படமும் ஒரு புள்ளியையோ கட்டியையோ காட்டுகிறது; அது சாதாரண மச்சமாகவோ மெலனோமா என்ற தோல் புற்றுநோயாகவோ மற்ற ஐந்தில் ஒன்றாகவோ இருக்கும். இங்கே மச்சம் என்பதற்கான சான்று, மெலனோமா அன்று என்பதற்கும் சான்று. சாஃப்ட்மேக்ஸில் ஒன்றை ஏற்றினால் மற்றவை தாமாகவே இறங்குகின்றன. ஏழு தனித்தனிச் சிக்மாய்டுகளை வைத்தால் இந்த உறவை ஒவ்வொன்றும் தனியே கற்க வேண்டும். படங்கள் குறைவாக உள்ள வகையில் அது சரியாகக் கற்காமல், ஒரே புள்ளிக்கு மெலனோமா 0.7, மச்சம் 0.6 என்று இரண்டையும் சொல்லிவிடும். அப்படி ஒரு புள்ளி இருக்க முடியாது என்ற அறிவு நமக்கு முன்பே உண்டு. கையில் உள்ள அறிவை மாடலிடமிருந்து ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் அந்த ஏழுக்குள் ஒன்று கட்டாயம் இருக்கிறது என்பது சாஃப்ட்மேக்ஸின் நிபந்தனை. தோலில் பட்ட மைக்கறையைக் காட்டினாலும் ஏழில் ஒன்றுக்குக் கொடுத்துத்தான் தீரும். மட்டத்தைப் பார்க்காததன் விளைவு இங்கேயும் வருகிறது. நடைமுறையில் அத்தகைய படங்கள் வருமென்றால், வேறு ஏதோ என்ற எட்டாவது வகையை உண்மையான படங்களோடு சேர்க்க வேண்டும்.

சிக்மாய்டுக்கும் விலை உண்டு. ஹெர்னியா லேபிள் ChestX-ray14இல் 227 படங்களில் மட்டுமே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லும் மாடல் அந்த லேபிளில் 99.8 விழுக்காடு சரி! எனவே துல்லியம் என்ற அளவை இங்கே ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு லேபிளுக்கும் தனியே எத்தனை நோயாளிகளைப் பிடித்தது, எத்தனை பொய் எச்சரிக்கை கொடுத்தது என்று பார்க்க வேண்டும். 0.5 என்ற பொது வரம்பும் உதவாது. 500 படங்களில் ஒன்றில் வரும் நோய்க்கு மாடல் 0.1 சொன்னாலே அது வழக்கத்தைவிட ஐம்பது மடங்கு. ஒவ்வொரு லேபிளுக்குமான வரம்பைச் சரிபார்ப்புப் படங்களை வைத்துத் தனியே முடிவுசெய்ய வேண்டும். 14 லேபிள் என்றால் 14 வரம்புகள். இந்த வேலையைத் தவிர்க்க விரும்பியே பலர் சாஃப்ட்மேக்ஸின் மிகப் பெரிய எண் பக்கம் சாய்கிறார்கள் என்பது என் கணிப்பு. பயிற்சி தொடங்கும்போது ஹெர்னியாவின் லாஜிட்டோடு கூட்டப்படும் எண்ணான பயாஸை 0க்குப் பதில் -6.2 என்று வைப்பதும் நல்லது. 227ஐ மொத்தத்தோடு ஒப்பிட்டால் வரும் வாய்ப்பின் லாஜிட் அதுதான். அப்படி வைக்காவிட்டால் முதல் சில நூறு படிகள், இந்த நோய் அரிது என்பதைக் கற்பதிலேயே கழியும்.

தனித்தனிச் சிக்மாய்டு என்றால் நோய்களுக்கு இடையே தொடர்பு இல்லை என்று கருதுவதாகச் சிலர் சொல்வார்கள். அது சரியன்று. கீழே உள்ள அடுக்குகள் எல்லாம் பொதுவானவை. இதயம் பெருத்த படத்தில் நீரையும் தேடும் பழக்கம் அங்கே கற்கப்படுகிறது. படத்தைப் பார்த்தபின் ஒரு விடை இன்னொரு விடையை நேரடியாகத் திருத்தாது என்பதே உண்மையான குறை. அதனால் நோய் ஒன்றுமில்லை என்பதையும் ஒரு லேபிளாக வைத்து அதற்கும் ஒரு சிக்மாய்டு கொடுத்தால், நிமோனியா 0.8, ஒன்றுமில்லை 0.6 என்ற முரண் வரும். அதை மாடலிடம் கேட்காமல் மற்ற லேபிள்களிலிருந்து கணக்கிட்டுக்கொள்வதே மேல்.

விதிக்கு எதிராக நடந்து வென்ற ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். 2018இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 350 கோடி இன்ஸ்டாகிராம் படங்களையும் அவற்றின் ஹேஷ்டேக்குகளையும் கொண்டு மாடல்களைப் பயிற்றினார்கள். ஒரு படத்துக்குப் பல ஹேஷ்டேக்குகள், தெளிவான மல்டி-லேபிள். ஆனாலும் சாஃப்ட்மேக்ஸையே வைத்து, k ஹேஷ்டேக் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1/k என்று விடையைப் பிரித்தார்கள். சிக்மாய்டு அவர்களுக்குக் குறைவான பலனையே தந்தது. அங்கே கடைசி அடுக்கின் எண்களை யாரும் படிக்கப்போவதில்லை. பயிற்சிக்குப்பின் அந்த அடுக்கையே கழற்றிவிட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்கள். மேலும் ஒரு படத்தில் ஒரு ஹேஷ்டேக் இல்லை என்பதற்கு அந்தப் பொருள் படத்தில் இல்லை என்று பொருளாகாது, இட மறந்திருப்பார்கள். சிக்மாய்டு அந்த மறதியை எல்லாம் இல்லை என்ற சான்றாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டும் ஒரே மாடலில் சேர்ந்து வேலை செய்யவும் முடியும். ஸ்டான்ஃபோர்டு 2019இல் வெளியிட்ட CheXpert தொகுப்பில் ஒவ்வொரு நோய்க்கும் உண்டு, இல்லை என்பவற்றோடு ஐயம் என்ற மூன்றாவது விடையும் இருக்கிறது, ஏனெனில் மருத்துவர்களின் அறிக்கைகளே பல இடங்களில் உறுதியாகச் சொல்லவில்லை. ஐயத்தை என்ன செய்வது என்று அவர்கள் சோதித்த வழிகளில் ஒன்று, ஒவ்வொரு நோய்க்குள்ளும் இந்த மூன்றுக்கும் தனி சாஃப்ட்மேக்ஸ் வைப்பது. நோய்களுக்கு இடையே போட்டி இல்லை. ஒரு நோயின் மூன்று விடைகளுக்குள் போட்டி உண்டு. இந்த வழி இதயம் பெருத்தலில் நன்றாக வேலை செய்தது. இதயம் சற்றே பெரிதாக, எல்லைக்கோட்டில் இருக்கும் படங்களுக்குத்தான் அறிக்கைகள் பெரும்பாலும் ஐயத்தோடு எழுதியிருந்தன என்பது அவர்களின் விளக்கம். உண்டு, இல்லை என்ற இரண்டில் எதிலும் அடங்காத தனி நிலையாகவே அவை இருந்தன. நுரையீரலின் பகுதி சுருங்கும் அட்லெக்டாசிஸில் இந்த வழி முந்தவில்லை. அங்கே ஐயத்தை எல்லாம் உண்டு என்றே எடுத்துக்கொண்டது மேலாக இருந்தது, ஏனெனில் அதை எழுதிய மருத்துவர் தயங்கியது சொல்லில்தான், முடிவில் அன்று என்று அவர்கள் கருதினார்கள்.