பதவிப் பட்டியலைக் கதையாக மாற்ற மூன்று வழிகள்: எது யாருக்குச் சரிப்படும்?

தோழி ஒருத்தி திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கு ஆலோசகர். லிங்க்ட்இன் பக்கத்தில் தன்னைப் பற்றி அவள் எழுதி வைத்திருந்தது இவ்வளவுதான்: "பி.எஸ்சி. வேதியியல். சாயப்பட்டறையில் லேப் டெக்னீஷியன், 4 ஆண்டுகள். ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், 5 ஆண்டுகள். பாலிடெக்னிக்கில் கெஸ்ட் லெக்சரர், 2 ஆண்டுகள். காப்பீட்டு முகவர், 1 ஆண்டு. தற்போது ஆலோசகர்." எல்லாம் உண்மைதான், ஆனால் படித்து முடித்தாலும் என்ன சிக்கலுக்கு இவளைக் கூப்பிடலாம் என்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று விதமாக மாற்றி எழுதிப் பார்த்தோம்.

முதல் வழி, கால வரிசை. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: "வேதியியல் படித்தேன், பிறகு லேப்பில் சேர்ந்தேன், பிறகு மெர்ச்சண்டைசர் ஆனேன்..." முற்றுப்புள்ளி இருந்த இடத்தில் "பிறகு" வந்திருக்கிறதே தவிர, பட்டியல் பட்டியலாகவேதான் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு "பிறகு"வையும் எடுத்துவிட்டு "அதனால்" அல்லது "ஆனால்" போட்டுப் பாருங்கள். லேப்பில் ஓகே ஆன நிறம் பட்டறையில் மாறிப்போவதைப் பார்த்தாள், அதனால் துணி வாங்கும் பையர் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, அவர்களின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போனாள்: பொருந்துகிறது. பாலிடெக்னிக்கை விட்டாள், அதனால் காப்பீடு விற்றாள்: ஊஹூம், பொருந்தவில்லை. (வீட்டுச் சூழ்நிலை அப்படி, அது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.) கால வரிசையின் இன்னொரு தொல்லை, இன்றைய வேலை கடைசியில் வருவது. லிங்க்ட்இனின் About பகுதியில் 2,600 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம் என்றாலும், திறந்தவுடன் தெரிவது முதல் சில வரிகள்தான். அதற்குள் இவள் இன்னும் கல்லூரியிலேயே இருப்பாள். ஒரே துறையில் படிப்படியாக மேலே வந்தவர்களுக்கு, விழா மேடையில் வாசிப்பதற்கு, இந்த வழி போதும்.

இரண்டாவது, இன்றிலிருந்து தொடங்குவது. இன்று செய்யும் வேலையை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பழைய வேலைகளில் அதற்குச் சாட்சியாக நிற்பவற்றை மட்டும் பின்னால் வைப்பது. "சாயப்பட்டறைகளில் ஷேட் மாறும் சிக்கலைத் தீர்த்துத் தருகிறேன். லேப்பில் 4 ஆண்டுகள், ஏற்றுமதியில் 5 ஆண்டுகள் இருந்த அனுபவம்." வேலை தர வருகிறவருக்கு இது உடனே புரியும். ஆனால் கொஞ்சம் விசிட்டிங் கார்டு வாடை. இரண்டு அனுபவமும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று சொல்வதே இல்லை.

மூன்றாவது வழி, எல்லா வேலைகளையும் கோக்கும் ஒரே இழையைத் தேடுவது. அதற்கு ஒரு கேள்வி போதும்: ஒவ்வொரு வேலையிலும் உன் மேசைக்கு வந்த தலைவலி என்ன? பதவிப் பெயரை மறந்துவிட்டுச் சொல் என்றேன். லேப் டிப் என்னும் நிற மாதிரிக்குச் சாயமேற்றுவது சில கிராம் துணியில். பல்க், அதாவது மொத்த உற்பத்தி என்று வரும்போது நூற்றுக்கணக்கான கிலோ. தண்ணீரின் கடினத்தன்மையோ துணிக்கும் சாய நீருக்குமான விகிதமோ மாறினால் ஷேட்டும் மாறும். மெர்ச்சண்டைசராகப் போனபோது அதே தலைவலி மறுபக்கத்திலிருந்து வந்தது: பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணி கடையின் ட்யூப் லைட்டில் வேறாகத் தெரிகிறது என்று பையர் திருப்பி அனுப்புவார். பாலிடெக்னிக்கில் பையன்களுக்கு அவள் சொல்லித்தந்ததும் இதைத்தான். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது, பதினோரு வருஷமும் ஒரே சண்டை.

இதில் ஒரு ஆபத்து உண்டு. இழை கிடைக்காதவர்கள் "மக்களோடு பழகும் ஆர்வம்" என்று எதையாவது இழுத்துக் கட்டுவார்கள். அந்த வரியை அடுத்த வீட்டுக்காரரின் அறிமுகத்தில் வைத்தாலும் பொருந்துகிறதென்றால் அது இழை இல்லை. காப்பீட்டு வேலையையும் அப்படி இழுத்துக் கட்டப் பார்த்தோம், அசிங்கமாக இருந்தது, எடுத்துவிட்டோம். ஆண்டு வாரியான அனுபவப் பகுதியில் அது இருக்கிறது, ஆக மறைத்ததாகாது.

என் ஓட்டு, இரண்டாவதின் முதல் வாக்கியத்துக்குப் பின்னால் மூன்றாவதின் இழை. கடைசியில் நின்றது இது:

"லேப்பில் ஓகே ஆன நிறம் பல்க்கில் மாறினால் சாயப்பட்டறைகள் என்னைக் கூப்பிடுகின்றன. 4 ஆண்டுகள் லேப்பில் அந்த நிறத்தை உருவாக்கினேன், 5 ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக இருந்து பையர் அதை ஏன் நிராகரிக்கிறார் என்று பார்த்தேன், 2 ஆண்டுகள் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அதையே விளக்கினேன். இப்போது இரு தரப்புக்கும் நடுவில் நின்று, தவறு எந்தக் கட்டத்தில் நடந்தது என்று கண்டுபிடித்துத் தருகிறேன்."

"பி.எஸ்சி.யைக் காணோமே, அப்பா பார்த்தால் திட்டுவார்" என்றாள். படிப்புக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே போட்டுக்கொள் என்றேன்.