சிலிக்கான் இங்காட்: உருக்கிலிருந்து இழுப்பதா, மண்டல உருக்கா?

சில்லுகளுக்கான சிலிக்கான் படிகத் தண்டுதான் இங்காட். அதை வளர்க்கும் இந்த இரண்டு முறைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு பாத்திரம்தான்.

பாத்திரம்: உருக்கிலிருந்து இழுக்கும் சோக்ரால்ஸ்கி முறையில், 1414 டிகிரியில் உருகும் சிலிக்கான் குவார்ட்ஸ் குரூசிபிளில் இருக்கும், விதைப் படிகத்தை அதில் தொடவைத்துச் சுழற்றியபடி மேலே இழுப்பார்கள். மண்டல முறையில் பாத்திரமே இல்லை. நிற்கும் தண்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் மின்காந்தச் சுருள் உருக்கும். அந்த உருகிய வளையம் தண்டு நெடுகவும் நகரும்.

ஆக்சிஜன்: குவார்ட்ஸ் மெல்லக் கரைவதால், இழுத்த படிகத்தில் கன செ.மீ.க்கு ஏறத்தாழ 10¹⁸ ஆக்சிஜன் அணுக்கள் சேரும். 450 டிகிரி வாக்கில் வைத்தால் அவை எலெக்ட்ரான்களைக் கொடுத்து மின்தடையை மாற்றிவிடும். 650 டிகிரியில் சூடாக்கி வேகமாகக் குளிர்வித்தால் சரியாகும். ஆனால் அதே ஆக்சிஜன், படிகத்திலிருந்து வெட்டும் மெல்லிய தட்டான வேஃபருக்கு உறுதியும் தருகிறது. மண்டலப் படிகத்தில் இது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

சுத்திகரிப்பு: மண்டல முறையில் உருகிய வளையத்தை ஒருமுறை நகர்த்தினால் தண்டின் தொடக்க முனையில் பாஸ்பரஸ் 35 சதவீதமாகக் குறையும். இரும்பு கிட்டத்தட்ட முழுதும் கடைசி முனைக்குப் போய்விடும். அந்த முனையை வெட்டி எறியலாம். போரான் மட்டும் 80 சதவீதம் அப்படியே நிற்கும். அதை முன்னதாகவே, சிலிக்கானுக்கு மூலப்பொருளான டிரைகுளோரோசிலேனைக் காய்ச்சி வடிக்கும்போது நீக்க வேண்டும்.

அளவு: இழுப்பில் 300 மி.மீ. சாதாரணம், மண்டலத்தில் 200 மி.மீ.தான் எல்லை.

கணினிச் சில்லுக்கு இழுத்த படிகம் போதும். உயர் மின்னழுத்தத் தைரிஸ்டர், கதிர்வீச்சு உணரிகளுக்கு மண்டலப் படிகம்.