பாட்டியின் பிரார்த்தனை நோட்டு: ஓரக் குறிப்புகளோடு கணினியில் ஏற்றிய மூன்று வருட அனுபவம்

பாட்டி கையால் எழுதிய 86 பக்க பிரார்த்தனை நோட்டு அது. கணினியில் ஏற்ற ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. நான் அதை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது.

முதல் முறை போனில் ஸ்கேன் ஆப்பை வைத்து, எழுத்து பளிச்சென்று தெரிகிறதே என்று 'டாக்குமென்ட்' முறையில் படம் எடுத்தேன். அந்த முறை தாளை வெள்ளையாக்கும்போது மங்கலான பென்சில் எழுத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. ஓரக் குறிப்புகளில் பாதி பென்சிலில்தான் இருந்தன. ஒரே வரி வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்த இடங்களை, அதாவது பாட வேறுபாடுகளை, அடிக்குறிப்பாகப் போட்டிருந்தேன். வீட்டில் ஒருவர் பாட்டை மட்டும் காப்பி செய்து எல்லோருக்கும் அனுப்ப, அடிக்குறிப்புகள் உதிர்ந்துபோய் ஒரே ஒரு பாடம் மட்டும் சுற்ற ஆரம்பித்தது.

இரண்டாம் முறை தட்டை ஸ்கேனரில், வண்ணத்தில், 400 டிபிஐ வைத்து டிஃப் கோப்பாக எடுத்தேன். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஒரு கறுப்புத் தாள் வைத்தேன். அது இல்லாவிட்டால் பின்பக்க மை ஊடுருவித் தெரியும். அப்படித் தெரிந்த மைதான் 23ஆம் பக்கத்தில் என்னை ஏமாற்றியிருந்தது.

அந்தப் பக்கத்தின் மூன்றாவது வரி, "வாசல் விளக்கே வழி காட்டும் தாயே". 'காட்டும்' என்பதற்கு மேலே பொடி எழுத்தில் 'காட்டு' என்று இருந்தது. 'ம்' மேல் ஒரு கோடு போனது. பாட்டி அடித்துத் திருத்தியிருக்கிறார் என்று நினைத்து, முதல் முறை 'காட்டு' மட்டும் போட்டேன். புதிய படத்தில் அந்தக் கோடு மிகவும் வெளிறிப்போயிருந்தது. சந்தேகம் வந்து, பின்பக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி இதன் மேல் வைத்துப் பார்த்தேன். அங்கே இருந்த தலைப்பின் அடிக்கோடு அச்சு அசலாக இந்த இடத்தில் வந்து விழுந்தது. ஆக, பாட்டி எதையும் அடிக்கவே இல்லை.

அம்மாவிடம் காட்டினேன். "அது உங்க அத்தை பாடுறதுடா. பாட்டி மாத்திக்கல, ஆனா மறக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சுக்கிட்டாங்க" என்றார்.

அதற்கப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன். அடித்துவிட்டு வேறு எழுதியிருந்தால் அது திருத்தம்; அடிக்காமல் மேலேயோ ஓரத்திலோ எழுதியிருந்தால் அது இன்னொரு பாடம். இரண்டுக்கும் வேறு வேறு குறி வேண்டும். கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பிப்பவர்கள் பயன்படுத்தும் டி.இ.ஐ. குறியீட்டில் இதற்கு இடம் இருக்கிறது. திருத்தத்துக்கு `del`, `add`. பாட வேறுபாட்டுக்கு `app`; அதற்குள் முதன்மைப் பாடம் `lem`, மாற்றுப் பாடம் `rdg`. அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது:

```
<l n="3">வாசல் விளக்கே வழி
  <app>
    <lem hand="#paatti">காட்டும்</lem>
    <rdg hand="#paatti">காட்டு</rdg>
    <note resp="#amma">அத்தை பாடும் விதம்</note>
  </app> தாயே
  <note place="margin" hand="#pencil">இரண்டு தரம்</note>
</l>
```

தாளில் இருப்பது `hand`, அம்மா சொன்னது `resp`. இந்த இரண்டையும் கலக்காமல் வைத்ததுதான் நான் செய்த உருப்படியான காரியம். நாளைக்கு அம்மாவின் நினைவு தவறு என்று தெரிந்தாலும் தாளில் உள்ளது கெடாது. 'இரண்டு தரம்' என்ற ஓரக் குறிப்பையும் பக்கத்தோடு இல்லாமல் வரியோடு கட்டியிருக்கிறேன். எதை இரண்டு தரம் பாடுவது என்பது அப்போதுதான் தொலையாது.

பென்சில் கை பாட்டியுடையது இல்லை என்று காட்டிக்கொடுத்தது 'லை' என்ற எழுத்து. பாட்டி கொம்பு வளைந்த பழைய 'லை'யை எழுதுவார். பென்சிலில் இருப்பது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பரவிய வடிவம். யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே குறியீடுதான், தட்டச்சு செய்ததும் வித்தியாசம் மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு கையும் எப்படி எழுதும் என்று கோப்பின் தலைப்பகுதியில் எழுதி வைத்தேன், படத்தின் பக்க எண்ணோடு.

குறைகளும் உண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் போகிறது. தேடலும் சில சமயம் கைவிடும். 'ஔ' என்ற ஒரே எழுத்தைச் சில இடங்களில் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்திருக்கிறேன். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் தேடினால் அகப்படாது. அம்மாவால் இந்தக் குறிகளுக்கு நடுவே படிக்க முடியாது. அதனால் ஒரு பக்கம் படம், எதிர்ப்பக்கம் வெறும் பாட்டு என்று அச்செடுத்துக் கொடுக்கிறேன். சிவப்புப் பேனாவால் திருத்தித் தருகிறார். வீட்டாருக்கு அனுப்பும் பிரதியில் மாற்றுப் பாடம் அடிக்குறிப்பாக இல்லாமல் அந்தந்த வரிக்கு நேர் கீழேயே வரும். காப்பி செய்தாலும் கூடவே போகிறது. இப்போது இரண்டு விதமாகவும் பாடுகிறார்கள்.

61ஆம் பக்க ஓரத்தில் பச்சை மையில் நான்கு சொற்கள் உள்ளன. பாட்டியும் இல்லை, பென்சில்காரரும் இல்லை. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்தக் கைக்கு இப்போதைக்கு `#pachai` என்று பெயர் வைத்திருக்கிறேன்.