சனி மாலையா, ஞாயிறு காலையா? நூலக உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம்

வணக்கம். நம் நூலகம் இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 4 முதல் 8 வரைதான் திறந்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் கிண்டியிலிருந்தோ தரமணியிலிருந்தோ டிராபிக்கில் தப்பி வந்து சேர்வதற்குள் நூலகர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருப்பார். அதனால் வார இறுதியிலும் திறக்க முடிவு செய்திருக்கிறோம். கையில் இருக்கும் பணத்துக்கு வாரம் நாலு மணி நேரம்தான் நிரந்தரமாகக் கட்டுப்படியாகும், எனவே இரண்டில் ஒன்று.

சனி மாலை 4 முதல் 8 வரை திறந்தால் பிள்ளைகளோடு பெற்றோர் வருவார்கள், புத்தகம் நிறைய வெளியே போகும். ஆனால் இருப்பது ஒரே கூடம், கதை கேட்கும் பிள்ளைகளுக்கு நடுவே டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர் உட்கார முடியாது. ஞாயிறு காலை 9 முதல் 1 வரை என்றால் அவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அமைதி கிடைக்கும், ஜன்னல் வெளிச்சமே போதும், கரண்ட் பில்லும் கொஞ்சம் குறையும். சிக்கல் ஆளில்தான். நூலகரின் வார விடுமுறை ஞாயிறு, அதை எடுத்துக்கொண்டால் பதிலுக்கு இன்னொரு நாள் விட வேண்டும், அன்றைக்குச் சாவி யாரிடம்? (போன வருஷம் சாவி இருந்தவர் ஊருக்குப் போய்விட, வாசலில் பதினைந்து பேர் நின்றது நினைவிருக்கும்.)

ஒரு வாரம் சனி, மறு வாரம் ஞாயிறு என்று மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பூட்டிய கதவை ஒருமுறை பார்த்தவர் மறுபடி வர மாட்டார். ஆகவே ஜூலை முதல் சனியிலிருந்து 12 வாரம் இரண்டு நாளும் திறப்போம், கூடுதல் செலவு இந்த முறை புத்தகம் வாங்கும் பணத்திலிருந்து போகும்.

எண்ணுவது எப்படி? வாசல் நோட்டில் கையெழுத்தை மட்டும் எண்ணினால் ஏமாந்துவிடுவோம். புதன்கிழமை வருபவர் சனிக்கு மாறினால் அது வரவு இல்லை, வெறும் இடமாற்றம். அதனால் வார இறுதியில் புத்தகம் எடுக்கும் ஒவ்வொருவரின் அட்டையையும் புரட்டி, முந்தைய மூன்று மாதத்தில் வார நாளில் எடுத்தாரா என்று பார்ப்போம். எடுக்காதவர்தான் புதுசாகக் கிடைத்தவர். படிக்க மட்டும் வருபவர்கள் அட்டையில் விழ மாட்டார்களே, அவர்களுக்காக அரை மணிக்கு ஒருமுறை நாற்காலிகளை எண்ணி, வார நாளிலும் வருகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக் குறித்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரக் கணக்கைச் சேர்க்கப் போவதில்லை, அது வேடிக்கை பார்க்க வரும் கூட்டம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வருவதால் சனி மாலையில் பிள்ளைகள் குறைவார்கள், அந்த வாரங்களைத் தனியாக வைத்துப் பார்ப்போம்.

புதியவர்கள் எந்த நாளில் அதிகமோ அந்த நாள் நிற்கும். கிட்டத்தட்ட சமமாக வந்தால் ஞாயிறு என்பது என் கட்சி, படிக்க இடமில்லாமல் மொட்டை மாடியில் புத்தகத்தோடு உட்காருபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஞாயிறுக்கு இரண்டாவது சாவி வைத்துக்கொள்ள பக்கத்திலேயே இருக்கும் ஒருவர் தேவை. முடிந்தவர்கள் இந்த வாரமே நூலகரிடம் பெயர் கொடுங்கள்.

அறங்காவலர்