ஒரு பக்க மன்னிப்புக் கடிதத்தை நாலு வரியாக்கியபின்: ஒன்றரை வருடப் புழக்கம்

ஆன்லைன் கடை நடத்தும் நண்பர், நாங்கள் ஒன்றரை வருடமாக வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் நாலு வரி மன்னிப்பு மெயிலைக் கேட்டார். பணம் இருமுறை எடுக்கப்பட்ட புகாருக்கானது இது:

"உங்கள் ஆர்டருக்கு ₹1,240-ஐ இருமுறை எடுத்துவிட்டோம். தவறு எங்களுடையது, மன்னிக்கவும். கூடுதலாக எடுத்த ₹1,240-ஐ இன்று திருப்பி அனுப்பிவிட்டோம். வெள்ளி, 14ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் சேரும். குறிப்பு எண் கீழே. வராவிட்டால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்."

பழைய கடிதம் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று தொடங்கி, சர்வர் மெதுவானது, பேமென்ட் கேட்வே பதில் தரவில்லை என்று இரண்டு பத்தி ஓடும். பணம் எப்போது வரும் என்பது கடைசிப் பத்தியில். அதைப் படிக்காமலே வாடிக்கையாளர் போனில் கூப்பிடுவார். காரணத்தை நீக்கியதில் நஷ்டம் எதுவும் இல்லை. கேட்கிறவர்களுக்கு மட்டும் தனியாகச் சொன்னால் போதும்.

உண்மையான வேலை வினைச்சொல்லில்தான். 'இருமுறை எடுக்கப்பட்டுள்ளது', 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினால் மழை பெய்த மாதிரி, யாரும் செய்யாமலே நடந்ததாகிவிடும். 'எடுத்துவிட்டோம்' என்றதும் ஆள் வந்துவிடுகிறது. 'ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால்' இன்னும் மோசம். ₹1,240 போனவரிடம் என்ன 'இருந்தால்'?

இனி எரிச்சல். இந்த நாலு வரியும் ரீஃபண்ட் போட்ட பிறகுதான் செல்லும். யூபிஐ என்றால் திருப்பி அனுப்பியதற்கான 12 இலக்க எண்ணை (ஆர்ஆர்என்) கையில் வாங்கிக்கொண்டு மெயில் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளரின் வங்கி அதை வைத்துத்தான் தேடும். முதலில் பணம் எடுத்ததற்கான எண்ணை ஒட்டிவிட்டால் வங்கியில் 'பணம் போயிருக்கிறது' என்றுதான் பதில் வரும், சண்டை இரட்டிப்பாகும். கார்டு என்றால் இதேபோல் தேட உதவும் ஏஆர்என் என்ற எண் பெரும்பாலும் அன்றே கிடைக்காது. 'எண்ணை நாளை மறுநாள் அனுப்புகிறோம்' என்று ஒரு தேதி போட்டு, மறக்காமல் அனுப்ப வேண்டும்.

தேதி இன்னொரு தலைவலி. '5 முதல் 7 வேலை நாட்கள்' என்று எழுதினால் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமையைக் கழித்து வாடிக்கையாளர் எண்ண வேண்டும். எண்ணுவது நம் வேலை. டெம்ப்ளேட்டில் பழைய தேதி அப்படியே கிடப்பதும் சகஜம். தேதி இருக்கும் இடத்தில் XX என்று வைத்தால் அனுப்புமுன் கண்ணில் படும்.

பணத் தவறு, மாறிப்போன பொருள் இரண்டுக்கும் இது நன்றாகவே ஓடுகிறது. கெட்டுப்போன உணவு, காயம், வெளியே கசிந்த தகவல் என்றால் நாலு வரி அலட்சியமாகத் தெரியும். போன் போட்டுப் பேசுங்கள். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு தருவேன். ஆனால் மேலாளர் ஒவ்வொரு முறையும் 'தங்கள் ஆதரவுக்கு நன்றி'யைத் திரும்பச் செருகும் கடையில் இதைப் போடவே வேண்டாம்.